44 தவணைகளின் இன்றைய விலை

போன ஐப்பசியில் என் தங்கை வீட்டுக்காரருக்கு ஒரு எல்.ஐ.சி. பாலிசி முதிர்ந்தது. கைக்கு வந்தது 5 லட்சம் ரூபாய். குரோம்பேட்டை ஃபிளாட்டுக்காக வாங்கிய வீட்டுக்கடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டவர்கள், இலை எடுப்பதற்குள் ஆளுக்கொரு கைப்பேசியை என் முன்னால் நீட்டிவிட்டார்கள்.

"அண்ணா, இதைப் பாருங்க. இந்த 5 லட்சத்தை லோன்ல கட்டினா 10 லட்சத்துக்கு மேல வட்டி மிச்சமாம். பேங்க் ஆப்லயே கணக்குப் போட்டுக் காட்டுது" என்றாள் தங்கை.

"மச்சான், இதையும் பாருங்க. அதே 5 லட்சத்தை மியூச்சுவல் ஃபண்டுல போட்டா, 12 பர்சென்ட் கணக்குல, 15 வருஷத்துல 27 லட்சம். லாபம் மட்டும் 22 லட்சம். 10 பெருசா, 22 பெருசா? நீங்களே சொல்லுங்க" என்றார் மாப்பிள்ளை.

ஆடிட்டர் அலுவலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் எனக்கு இந்த மாதிரி பஞ்சாயத்துகள் வரும். இரண்டு திரைகளிலும் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. ஆனால் அந்த 10 லட்சத்தையும் 22 லட்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது பெரிது என்று கேட்கவே கூடாது. ஏன் கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கடனின் நிலவரம். வாங்கியது 40 லட்சம், 20 வருடம், 8.5 சதவீத வட்டி. மாதத் தவணை 34,713 ரூபாய். 5 வருடம் கட்டி முடித்துவிட்டார்கள். அதாவது 60 தவணைகளில் 20 லட்சத்து 83 ஆயிரம் ரூபாய் வங்கிக்குப் போயிருக்கிறது. அசல் குறைந்தது 4 லட்சத்து 75 ஆயிரம்தான். இன்னும் நிற்பது 35 லட்சத்து 25 ஆயிரம், கட்ட வேண்டியது 180 தவணை. இதைப் பார்த்து மனசு கசந்துபோகாத கடன்காரர் கிடையாது.

இப்போது 5 லட்சத்தைச் சேர்த்துக் கட்டி, மாதத் தவணையை மாற்றாமல் விட்டால் அசல் 30 லட்சத்து 25 ஆயிரமாக இறங்கும். 180 தவணையில் முடிய வேண்டிய கடன் 136 முழுத் தவணையிலும், 137வது மாதத்தில் சுமார் 2,600 ரூபாய்ச் சில்லறையிலும் முடிந்துவிடும். தப்பிப்பது ஏறக்குறைய 44 தவணை. 44 தடவை 34,713 ரூபாய், அந்தச் சில்லறையைக் கழித்தால், 15 லட்சத்து 25 ஆயிரம். இதில் நாம் கொடுத்த 5 லட்சத்தையும் கழித்தால் 10 லட்சத்து 25 ஆயிரம். தங்கையின் ஆப் காட்டியது இதைத்தான்.

ஆனால் அந்த 44 தவணைகள் எப்போது கட்ட வேண்டியவை? அடுத்த மாதமோ அடுத்த வருடமோ அல்ல. பதினொன்றே கால் வருடத்துக்கு மேல் கழித்து ஆரம்பித்து, பதினைந்தாவது வருடக் கடைசியில் முடிகிறவை. 5 லட்சத்தை இன்று கொடுத்தால், 136 மாதம் ஒரு பைசா பலன் கிடையாது. அதற்குப் பிறகு மாதா மாதம் 34,713 ரூபாய் சட்டைப்பையிலேயே தங்கும். முன்கூட்டிக் கட்டுவது என்றால் உண்மையில் இதுதான்: இன்று 5 லட்சம் கொடுத்து, தூரத்தில் இருக்கிற 44 தவணைகளை விலைக்கு வாங்குகிறோம். அது நியாய விலையா என்று பார்க்க வேண்டும்.

தூரத்துப் பணத்துக்கு இன்றைக்கு விலை போடுவது ஏதோ புதுக் கணக்கு இல்லை. ஏலச்சீட்டு கட்டுகிறவர்கள் மாதம்தோறும் அதைத்தான் செய்கிறார்கள். லட்ச ரூபாய்ச் சீட்டைக் கடைசி மாதம்வரை காத்திருந்து எடுப்பவருக்கு முழுசாகக் கிடைக்கும். அவசரத்துக்கு ஆரம்பத்திலேயே எடுக்கிறவர் தள்ளி எடுக்கிறார். "எண்பதுக்குப் போச்சு" என்றால், பின்னால் வரப்போகிற ஒரு லட்சம் அவருக்கு இன்றைக்கு எண்பதாயிரம்தான் என்று அர்த்தம். கணக்குப் புத்தகத்தில் இதற்குப் பெயர் இன்றைய மதிப்பு. எந்த வட்டி வீதத்தில் தள்ளுகிறோமோ அதைக் கழிவு வீதம் என்று சொல்லலாம். வீதம் கூடினால் தள்ளு கூடும். காலம் நீண்டாலும் கூடும்.

தங்கை கடனின் கடைசித் தவணையை எடுத்துக்கொள்வோம். 15 வருடம் கழித்துக் கட்ட வேண்டிய 34,713 ரூபாய். கடனின் சொந்த வட்டியான 8.5 சதவீதத்திலேயே தள்ளிப் பார்த்தால் இன்றைய மதிப்பு 9,740 ரூபாய்தான் வருகிறது. இன்று 9,740 ரூபாயை 8.5 சதவீதத்தில் எங்காவது போட்டு வைத்தால், 180வது மாதம் அது 34,713 ஆக வளர்ந்து நிற்கும் என்பதைத்தான் இது சொல்கிறது. 137வது தவணைக்கு அதே கணக்கில் இன்றைய மதிப்பு 13,200 ரூபாய். ஆக அந்த 44 தவணைகளும் இன்றைய விலையில் தலா 9,740க்கும் 13,200க்கும் நடுவே நிற்கின்றன. எல்லாவற்றையும் கூட்டிச் சில்லறையைக் கழித்தால் வருவது, சரியாக 5 லட்சம்.

இது தற்செயல் இல்லை. வங்கி 8.5 சதவீதத்துக்குப் பணம் கொடுத்தது. அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் அதே 8.5 சதவீதம் நமக்கு மிச்சம். 10 லட்சத்து 25 ஆயிரம் என்று ஆப் காட்டியது பொய் இல்லை. ஆனால் அது 8.5 சதவீத வட்டி நீண்ட காலம் குட்டி போட்டால் எவ்வளவு ஆகும் என்பதன் வேறொரு உருவம். பெரிய எண்ணாகத் தெரிவதற்குக் காரணம் காலம்தான், கடன் கொடுத்த சலுகை எதுவும் இல்லை.

எக்செல் தெரிந்தவர்கள் இதை வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். A1 கட்டத்தில் மாத வட்டி வீதம், A2 கட்டத்தில் தவணைகளின் இன்றைய மதிப்பு:

```
A1:  =8.5%/12
A2:  =PV(A1,180,-34713)-PV(A1,136,-34713)
```

விடை 5 லட்சத்து ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். கூடுதலாக நிற்கிற ஆயிரம், 137வது மாதத்துச் சில்லறையின் இன்றைய மதிப்பு. இனி A1 கட்டத்தை மட்டும் மாற்றினால் போதும்.

எதை வைத்து மாற்றுவது? இந்த 5 லட்சத்தைக் கடனில் கட்டாமல் வேறெங்கு போடுவோமோ, அங்கே வரி போகக் கைக்கு வரும் வீதத்தை.

மாப்பிள்ளை புதிய வரி முறையில், 20 சதவீத அடுக்கில் இருக்கிறார். வங்கி வைப்பு நிதியில் 7 சதவீதம் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், செஸ் சேர்த்து வரி போனால் மிஞ்சுவது ஐந்தரை சதவீதம். A1 கட்டத்தில் 5.5%/12 என்று போட்டால் அந்த 44 தவணைகளின் இன்றைய மதிப்பு சுமார் 7 லட்சத்து 40 ஆயிரமாக ஏறுகிறது. வைப்பு நிதி வழியாக அந்த 44 தவணைகளையும் கட்டி முடிக்க வேண்டுமானால், இன்று 7 லட்சத்து 40 ஆயிரம் ரூபாயைப் போட்டாக வேண்டும். கடனை அடைத்தால் அதே காரியம் 5 லட்சத்தில் முடிகிறது. வித்தியாசம் 2 லட்சத்து 40 ஆயிரம், அதுவும் இன்றைய ரூபாயில். தங்கையின் 10 லட்சத்தில் உண்மையான லாபம் என்று சொல்லத்தக்கது இதுதான்.

பி.பி.எஃப். கணக்கில் 2020 ஏப்ரலிலிருந்து வட்டி 7.1 சதவீதம், வரி கிடையாது. அந்த வீதத்தில் தள்ளினால் 6 லட்சத்து 18 ஆயிரம் வரும். அங்கேயும் கடன் அடைப்பதுதான் ஜெயிக்கிறது, கொஞ்சம் குறைந்த வித்தியாசத்தில். தவிர, பி.பி.எஃப்.பில் வருடத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் போடவும் முடியாது.

"சரி மச்சான், இப்ப என்னோட 12 பர்சென்ட்டைப் போடுங்க" என்றார் மாப்பிள்ளை.

போட்டோம். இங்கே ஒரு சின்ன ஜாக்கிரதை வேண்டும். கடன் வட்டி மாதா மாதம் ஏறுகிற வட்டி. 8.5 என்று சொல்வது வருடக் கணக்கில் 8.84 சதவீதம் ஆகிறது. ஃபண்டுகள் சொல்லும் 12, ஏற்கெனவே வருடக் கணக்கு. அதனால் A1 கட்டத்தில் 12%/12 என்று போடக் கூடாது; =1.12^(1/12)-1 என்று போட வேண்டும். விடை 3 லட்சத்து 44 ஆயிரம். அதாவது 12 சதவீதம் நிச்சயம் கிடைக்குமென்றால், அந்த 44 தவணைகளின் விலை மூன்றரை லட்சம்கூட இல்லை. அதற்கு 5 லட்சம் கொடுப்பது ஒன்றரை லட்சத்துக்கு மேல் நஷ்டம்.

மாப்பிள்ளை தங்கையைப் பார்த்த பார்வையில் ஒரு கப் காபி கேட்கிற அதிகாரம் இருந்தது.

நிச்சயம் கிடைக்குமென்றால் என்று சொன்னேனே, அந்தச் சொல்லில்தான் கணக்கு முழுவதும் தொங்குகிறது. வீட்டுமனை வாங்குகிறவர் யாரும் பட்டா தெளிவாக இருக்கிற மனைக்கும், கோர்ட்டில் வழக்கு நிற்கிற மனைக்கும் ஒரே விலை கொடுக்க மாட்டார். வழக்கு மனையைப் பாதி விலைக்குக் கேட்பார். அந்த அடிமாட்டு விலையைக் கொண்டுவந்து பக்கத்துப் பட்டா மனைக்குச் சொன்னால், மனைக்காரர் சிரிப்பார். 12 சதவீதத்தை வைத்துத் தவணைகளைத் தள்ளும்போது நாம் செய்வது அதேதான். அந்த 44 தவணைகள் பட்டா மனை. கடனைக் கட்டினால் அவை கட்டாயம் இல்லாமல் போகும். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் போகும். பங்குச் சந்தையின் 12 சதவீதமோ வழக்கு மனையின் வீதம். ஜெயிக்கவும் செய்யலாம், தோற்கவும் செய்யலாம் என்பதற்காகத்தான் அந்த வீதம் அவ்வளவு உயரமாகச் சொல்லப்படுகிறது.

2008 ஜனவரியில் சென்செக்ஸ் 20,873 புள்ளியில் முடிந்தது. 2009 மார்ச்சில் 8,160. 2020 ஜனவரியில் 42,000ஐத் தொட்டது; மார்ச் 23 அன்று 25,981. பிறகு ஏறியது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நமக்குப் பணம் தேவைப்படுகிற மாதம் எந்த மாதம் என்பது யாருக்கும் தெரியாது. கடன் தவணை அந்த மார்ச்சிலும் 34,713தான்.

கழிவு வீதம் என்பது பணம் போடுகிறவரின் ஆசையைப் பொறுத்தது அல்ல. எந்தப் பணவரவைத் தள்ளுகிறோமோ, அதன் நிச்சயத்தைப் பொறுத்தது. நிச்சயமான தவணைகளை நிச்சயமான வீதத்தில்தான் தள்ள வேண்டும். மாப்பிள்ளைக்கு அது ஐந்தரை, அல்லது பி.பி.எஃப். இடம் இருந்தால் ஏழு. அப்படிப் பார்த்தால் 5 லட்சத்துக்கு 6 லட்சத்து 18 ஆயிரத்திலிருந்து 7 லட்சத்து 40 ஆயிரம் வரை பெறுமானம் உள்ள சரக்கு கிடைக்கிறது.

ஃபண்டின் இன்றைய மதிப்பு எவ்வளவு என்று மாப்பிள்ளை கேட்கவில்லை, நானே கேட்டுக்கொண்டேன். 15 வருடம் கழித்து வரக்கூடிய 27 லட்சத்தை, அதன் அபாயத்துக்கு ஏற்ற அதே 12 சதவீதத்தில் தள்ளினால் சரியாக 5 லட்சம் வரும். சந்தையில் 5 லட்சத்துக்கு யூனிட் வாங்கினால் அது 5 லட்சம் பெறும், அவ்வளவுதான். மேலே கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது, வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருந்ததற்கான கூலி. கூலியை இலவசம் என்று வரவு வைக்கக் கூடாது.

பங்குச் சந்தையில் போடக் கூடாது என்று சொல்லவரவில்லை. அந்தக் கூலியை வாங்கத் தெம்பு உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம். என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும். கடனை அடைக்காமல் ஃபண்டில் போடுவது, 8.5 சதவீதத்துக்குக் கடன் வாங்கிப் பங்கு வாங்குவதற்குச் சமம். "நாளைக்கு நான் 5 லட்சம் கடனா எடுத்துத் தர்றேன், ஃபண்டுல போடுறீங்களா?" என்று கேட்டேன். "அது எப்படி மச்சான்..." என்று இழுத்தார். இப்போது செய்ய நினைப்பதும் அதுதான் என்பது அவருக்குக் கொஞ்ச நேரம் கழித்து உறைத்தது.

சரி, ஃபண்டுக்காரர் எவ்வளவு சம்பாதித்தால் கடனைத் தொடும்? 8.84 சதவீதம் வருட வளர்ச்சி, வரி போக. 5 லட்சத்தை 15 வருடம் வைத்திருந்து ஒரேயடியாக விற்றால், நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம். வருடத்துக்கு ஒன்றேகால் லட்சம் ஆதாயம்வரை வரி இல்லை என்பதையும் செஸ்ஸையும் சேர்த்துக் கணக்கிட்டால், வரிக்கு முன்னால் சுமார் 9.5 சதவீதம் வளர வேண்டும். அது ஒன்றும் நடக்காத வீதம் அல்ல. அதனால்தான் இந்தச் சண்டை ஓயவே மாட்டேன் என்கிறது. வைப்பு நிதி கடனைத் தொட வேண்டுமானால் மாப்பிள்ளையின் வரி அடுக்கில் 11 சதவீதத்துக்கு மேல் தர வேண்டும். ஒழுங்கான வங்கி எதுவும் அதைத் தருவதில்லை. யாராவது தருகிறேன் என்று வந்தால் வேறு காரணத்துக்காகப் பயப்பட வேண்டும்.

தங்கைக்கும் ஒரு திருத்தம் பாக்கி இருந்தது. "சீக்கிரம் கட்டினாத்தான் லாபம், கடைசியில கட்டி என்ன பிரயோஜனம், வட்டியை எல்லாம் முன்னாடியே எடுத்துடுறானே" என்றாள். அநேகமாக எல்லா வீட்டிலும் கேட்கிற பேச்சு இது.

வங்கி வட்டியை முன்னாடியே எடுத்துக்கொள்வதில்லை. அந்தந்த மாதம் நிற்கிற அசலுக்கு அந்தந்த மாத வட்டிதான். ஆரம்பத்தில் அசல் மலைபோல நிற்பதால் தவணையில் பெரும்பங்கு வட்டிக்குப் போகிறது. இதே 5 லட்சத்தை இன்னும் பத்து வருடம் கழித்து, 60 தவணை மட்டும் மீதி இருக்கும்போது கட்டினால் தப்பிக்கும் தொகை 7 லட்சத்து 12 ஆயிரம். வட்டி மிச்சம் 2 லட்சத்து 12 ஆயிரம்தான். 10 லட்சம் எங்கே, 2 லட்சம் எங்கே என்று தோன்றும். ஆனால் அந்த 7 லட்சம் மூன்றே கால் வருடத்திலிருந்து ஐந்து வருடத்துக்குள் கைக்கு வந்துவிடுகிறது. 8.5 சதவீதத்தில் தள்ளினால் அன்றைய மதிப்பு மறுபடியும் 5 லட்சம். கடனின் ஐந்தாவது வருடமானாலும் பதினைந்தாவது வருடமானாலும், கட்டுகிற ஒவ்வொரு ரூபாயும் சம்பாதிப்பது அதே 8.5 சதவீதம். முன்னால் கட்டினால் அது அதிக வருடம் சம்பாதிக்கிறது, அவ்வளவுதான்.

தவணை எண்ணிக்கையைக் குறைப்பதா, தவணைத் தொகையைக் குறைப்பதா என்ற கேள்விக்கும் இதே திறவுகோல்தான். 180 தவணையை அப்படியே வைத்துத் தொகையைக் குறைக்கச் சொன்னால், மாதம் 4,924 ரூபாய் குறையும். 180 மாதத்துக்கு 8 லட்சத்து 86 ஆயிரம். வட்டி மிச்சம் 3 லட்சத்து 86 ஆயிரம் மட்டும். 10 லட்சத்தை விட்டுவிட்டு இதை யார் எடுப்பார்கள் என்று கேட்பார்கள். 8.5 சதவீதத்தில் இரண்டுமே 5 லட்சம்தான். தொகையைக் குறைத்தால் பணம் அடுத்த மாதத்திலிருந்தே சொட்டுச் சொட்டாகத் திரும்பி வருகிறது. திரும்பி வருவதை ஐந்தரை சதவீதத்தில் போடுகிறவருக்கு இது குறைந்த பேரம்: இன்றைய மதிப்பு 6 லட்சம் சொச்சம்தான் வரும், எண்ணிக்கையைக் குறைத்தால் வருகிற 7 லட்சத்து 40 ஆயிரம் வராது. வேலை நிலையில்லாதவருக்கோ மாதத் தவணை இறங்குவதே பெரிய நிம்மதி. அந்த 4,924 ரூபாய் எங்கே போனது என்றே தெரியாமல் செலவாகிவிடும் வீடுகளும் உண்டு. தங்கை வீடு அதில் ஒன்று என்பது என் தனிப்பட்ட கருத்து.

பழைய வரி முறையில் இருக்கிறவர்களுக்கு ஒரு முடிச்சு உண்டு. சொந்தக் குடியிருப்புக்கான கடன் வட்டியில் வருடத்துக்கு 2 லட்சம் வரை அங்கே வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். அந்தச் சலுகை போய்விடுமே என்று கடனை அடைக்கத் தயங்குவார்கள். இந்தக் கடனில் இப்போதைய வருட வட்டி 3 லட்சத்துக்குப் பக்கம். 5 லட்சம் கட்டினால் வட்டி வருடத்துக்கு 42,500 குறைந்து இரண்டரை லட்சம் ஆகும். இன்னும் 2 லட்சத்துக்கு மேல்தான் நிற்கிறது. அதனால் குறைகிற வட்டி சலுகை கிடைக்காத பகுதியிலிருந்து குறைகிறது. சலுகையில் ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை. அசல் இருபத்து மூன்றரை லட்சத்துக்குக் கீழே போகும்போதுதான் வட்டி 2 லட்சத்துக்குக் கீழே வரும். அதன்பிறகு 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு இந்த 8.5 சதவீதம், வரிச் சலுகையைக் கழித்தால் 5.85 சதவீதம்தான். அப்போது பி.பி.எஃப். போன்றவை கடனை அடைப்பதை முந்திவிடும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் கடனிருந்து இருவரும் சலுகை எடுக்கிறார்கள் என்றால் வரம்பு ஆளுக்கு 2 லட்சம். இந்த மாற்றம் முதல் நாளே வந்துவிடும். புதிய வரி முறையில், குடியிருக்கும் வீட்டுக்கு இந்தச் சலுகையே இல்லை என்பதால் மாப்பிள்ளைக்கு இந்த யோசனை தேவைப்படவில்லை.

இன்றைய மதிப்புக் கணக்குக்குத் தெரியாத விஷயங்களும் உண்டு. நான் பட்டா மனை என்று சொன்னதிலேயே ஒரு சின்ன வில்லங்கம் இருக்கிறது: வட்டி 8.5லேயே நிற்கும் என்று வைத்துத்தான் இவ்வளவும் போட்டோம். 2019 அக்டோபர் முதல் வங்கிகள் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் பெரும்பாலும் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு கட்டப்பட்டவை. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்குப் போனது. பலருக்குத் தவணைக் காலம் வருடக்கணக்கில் நீண்டது. வட்டி ஏறினால் அடைத்த 5 லட்சம் இன்னும் அதிகம் சம்பாதித்துக் கொடுக்கும், இறங்கினால் குறைவாக. ஆனால் வட்டி இறங்கும் காலத்தில் புது வைப்பு நிதிகளின் வட்டியும் கூடவே இறங்கும் என்பதால் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி அவ்வளவு ஆட்டம் காண்பதில்லை.

இதைவிடப் பெரியது, கட்டிய பணம் திரும்ப வராது என்பது. ஓவர்டிராஃப்ட் வசதி உள்ள வீட்டுக்கடனாக இருந்தால் போட்டதை எடுக்கலாம். சாதாரணக் கடனில் வங்கிக்குள் போன 5 லட்சம் சுவராகிவிட்டது. சுவரை உடைத்து ஆஸ்பத்திரி பில் கட்ட முடியாது. அப்படி ஒரு நாள் வந்து, பர்சனல் லோனுக்கு 14, 15 சதவீதம் கொடுக்க நேர்ந்தால், 8.5இல் சம்பாதித்ததெல்லாம் இரண்டே வருடத்தில் கரைந்துவிடும்.

"கையில வேற எவ்வளவு இருக்கு?" என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சேமிப்புக் கணக்கில் நாற்பதாயிரம்.

அதற்குப் பிறகு ஃபண்டா கடனா என்ற பேச்சே எழவில்லை. ஒன்றரை லட்சத்தை வைப்பு நிதியில், வரி போக ஐந்தரைக்கே, தெரிந்தே போட்டார்கள். மீதி மூன்றரை லட்சம் கடனுக்கு. மாதாமாதம் ஃபண்டில் போகிற 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி.யை நிறுத்த வேண்டாம் என்று நானே சொன்னேன்.

கட்டுவதில் ஒரு தடையும் இல்லை. தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக்கடனுக்கு முன்கூட்டிக் கட்டினால் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. நிலையான வட்டிக் கடனென்றால் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். அங்கே கட்டணம் கேட்டால் அதை இந்த 5 லட்சத்தோடு கூட்டிக்கொண்டு கணக்குப் போட வேண்டும்.

பணம் கட்டிய மறுவாரம் தங்கை கடன் கணக்கின் அறிக்கையை அனுப்பினாள். அசல் மூன்றரை லட்சம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. வங்கியில் யாரோ அதை முன்கூட்டிய தவணைகளாக, அதாவது அடுத்த பத்து மாதத் தவணையாக, வரவு வைத்திருந்தார்கள். அப்படியே விட்டிருந்தால் பணம் அசலைத் தொடாமல் ஓரமாக நின்று, மாதம் ஒரு தவணையாகக் கரைந்திருக்கும். அந்த 8.5 சதவீதத்தில் பெரும்பகுதி போயே போயிருக்கும். நிற்கும் அசல் என்ற வரியில், கட்டிய தொகை மொத்தமும் அன்றைய தேதியிலேயே கழிந்திருக்கிறதா என்று பார்த்தால் இது தெரிந்துவிடும். மாப்பிள்ளை அரை நாள் லீவு போட்டுக் கிளைக்குப் போய், "பகுதி முன்செலுத்தம், தவணைத் தொகை மாறாமல் காலம் குறைக்க வேண்டும்" என்று கையால் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வந்தார்.

நாலாம் நாள் புதுத் தவணை அட்டவணை வந்தது. மீதித் தவணை 180 இருந்த இடத்தில் 148. அவர்கள் பையன் இப்போது யு.கே.ஜி. படிக்கிறான். தங்கை காலண்டரில் விரல் விட்டு எண்ணி, அவன் பிளஸ் டூ பரீட்சை எழுதுகிற வருடத்தைக் கண்டுபிடித்தாள். அந்த அட்டவணையைத்தான் இப்போது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார்கள், பால் கணக்குக்குப் பக்கத்தில்.